புதுமனையில் தின்ற அரிசி

மாட்டுக்கு நாலு வயிறு என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். நாலு வயிறு இல்லை ஐயா, ஒரே வயிறு, நாலு அறை. பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து பட்டிமன்ற மேடை வரைக்கும் நாலு வயிறு நாலு வயிறு என்று சொல்லிச் சொல்லி, ஏதோ மாடு நாலு பேர் சாப்பாட்டைச் சாப்பிடுகிற பிராணி என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. அப்படி நம்பினவர்களால்தான் ஒரு நல்ல மாடு கெட்டது. இதைச் சொன்னால் "இன்னும் அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறாளே" என்பார்கள். தொங்கத்தான் தொங்குகிறேன்.

தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு கால்நடைக் கல்லூரியில் அப்போது நான் உடலியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் கடைசியில் சேர்ந்தேன். கால்நடை மருத்துவம் படிக்கிறவர்களுக்கும் வகுப்பு உண்டு, பால்வளப் பட்டயம் படிக்கிறவர்களுக்கும் உண்டு. இரண்டிலும் பாதிப்பேர் செங்கல்பட்டு, மதுராந்தகம், உத்திரமேரூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்கள். இங்கே வந்ததும் தடித்தடியாக ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டோம். 'ரூமன்' என்றால் என்ன என்று கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார்கள். "சரி, உங்க வீட்டு மாட்டுக்கு அது எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டால் ஒருத்தன் வலது பக்கத்தைக் காட்டுவான், ஒருத்தன் கூரையைப் பார்ப்பான்.

அதனால் நான் தமிழில் நடத்தினேன். ரூமனுக்குப் பெருவயிறு, மற்ற மூன்று அறைக்கும் வலைவயிறு, ஏட்டுவயிறு, உண்மைவயிறு என்று பேர் வைத்துக்கொண்டேன். துறைத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. வராந்தாவில் நின்று கேட்டுவிட்டு, "இன்னாம்மா, டி.வி.ல வர்ற வயலும் வாழ்வும் நடத்துறியா? சயன்ஸ் சொல்லிக்குடு" என்றார். அவருடைய சயன்ஸ் இருபது வருஷமாக ஒரே மஞ்சள் தாளில் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

படம் போட்டுக் காட்டினால் ஒன்றும் ஏறாது என்று பல்லாவரத்தில் மாட்டிறைச்சிக் கடை வைத்திருந்த பாயிடம் சொல்லிவைத்து முழு இரைப்பையை வாங்கி வருவேன். கல்லூரி ஜீப் டிரைவர் வண்டியில் ஏற்ற மாட்டேன் என்பார். ஆட்டோவில் காலடியில் பெரிய பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் வருவேன். வெட்டி விரித்து மேஜையில் போட்டால் பையன்கள் முதலில் மூக்கைப் பிடிப்பார்கள். ஐந்து நிமிஷத்தில் தலையை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள்.

இடது பக்கம் முழுக்க அடைத்துக்கொண்டு கிடக்கிறதே, இதுதான் பெருவயிறு என்பேன். வளர்ந்த மாட்டுக்கு இதில் நூறு லிட்டருக்கு மேலேயே பிடிக்கும். இதிலே சீரணநீர் ஒரு சொட்டுகூடச் சுரக்காது. வைக்கோலை மாடு செரிக்கிறது என்று நினைக்கிறீர்களா? மாட்டால் முடியவே முடியாது. வைக்கோலில் இருக்கிற செல்லுலோஸை உடைக்கிற நொதி மாட்டுக்கும் கிடையாது, உனக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. உடைக்கிறது இந்தப் பைக்குள்ளே கோடிகோடியாகக் குடியிருக்கிற பாக்டீரியா, அதோடு கொஞ்சம் பூஞ்சை, கொஞ்சம் ஒரு செல் உயிர்கள். காற்று புகாத இடம், உடம்புச் சூடு, எப்போதும் ஈரம், புளிப்பு ஏறாத பக்குவம். இவ்வளவையும் மாடு ஏற்பாடு செய்து கொடுக்கிறது. அவை நாரில் போய் ஒட்டிக்கொண்டு அரித்து உடைக்கின்றன. உடைத்ததைத் தின்று அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் என்று சில அமிலங்களை வெளியே விடுகின்றன. பெருவயிற்றுச் சுவரில் டர்க்கித் துண்டு மாதிரி முடிமுடியாக நிற்கிறதே, தொட்டுப் பார், அது வழியாக அந்த அமிலங்கள் ரத்தத்தில் ஏறுகின்றன. மாட்டுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதி அதுதான். அசெட்டிக் அமிலம்தான் மடிக்குப் போய்ப் பாலில் கொழுப்பாகிறது. நார் குறைந்தால் பால் ஏன் தண்ணீராகப் போகிறது என்று பரீட்சையில் கேட்டால் இதை எழுது. கூடவே வருகிற வாயுவை மாடு ஏப்பமாக விட்டுவிடும். விட முடியாவிட்டால் வயிறு உப்பிச் செத்துப்போகும்.

இது வலைவயிறு. தேனடை மாதிரி கட்டம் கட்டமாக இருக்கிறது பார். பெருவயிற்றோடு ஒட்டிக்கொண்டே இருக்கும், நடுவில் கதவு கிடையாது. இரண்டும் சேர்ந்து சுருங்கிச் சுருங்கிக் கலக்கும். ஆணி, கம்பி மாதிரிக் கனமானவை இங்கேதான் தங்கும். பெரிய துண்டாக மிதக்கிற நாரை மாடு மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அரைக்கும். அதுதான் அசை போடுவது. அரைக்க அரைக்க எச்சில் குடம் குடமாக ஊறும். அந்த எச்சிலில் ஆப்பச்சோடா மாதிரி உப்பு இருக்கிறது. உள்ளே ஊறுகிற அமிலத்தை அதுதான் அடக்கும். வைக்கோல் இருந்தால் அசை, அசை இருந்தால் எச்சில், எச்சில் இருந்தால் புளிக்காது. இந்தச் சங்கிலியை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்பேன்.

நன்றாக அரைபட்டுப் பொடியானது மூன்றாவது அறைக்குப் போகும். ஏட்டுவயிறு, புத்தகத் தாள் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் உண்மைவயிறு. நம் இரைப்பை மாதிரி அமிலமும் பெப்சினும் சுரப்பது இது ஒன்றுதான். மேலே குடியிருந்த பாக்டீரியாக்கள் நாரோடு அடித்துக்கொண்டு இங்கே வந்து விழும், செரிமானமாகும். அவைதான் மாட்டுக்குப் புரதம். வைக்கோலைக் கொடுத்துப் பாக்டீரியாவை வளர்க்கிறது, பிறகு அதையே தின்கிறது. "அடேயப்பா, பெரிய கில்லாடி மேடம்" என்று ஒரு பையன் சொன்னான். வகுப்பே சிரித்தது. எனக்கு அன்றைக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு வரப்போகிறதெல்லாம் கசப்புத்தான்.

எங்கள் வீடு சேலையூரைத் தாண்டி உள்ளே இருந்தது. பின் தெருவில் ஓர் அக்கா ஒற்றைக் கறவை மாடு வைத்திருந்தார். எங்கள் தெருவுக்கெல்லாம் அவர்தான் பால். வீட்டுக்காரர் லாரியில் போகிறவர், வந்தால் வருவார், இல்லாவிட்டால் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளின் படிப்பு, வாடகை, சோறு எல்லாம் அந்த மாட்டின் மடியிலிருந்துதான் வந்தது. செவலை நிற ஜெர்சிக் கலப்பு, சாது. குழந்தை காதைப் பிடித்து இழுத்தாலும் சும்மா நிற்கும்.

நாங்கள் குடி வந்த காலத்தில் சுற்றிலும் நெல் வயல். அறுப்பு முடிந்தால் வைக்கோல் வாசலுக்கே வரும். தொண்ணூறுகளில் பார்க்கப் பார்க்க எல்லாம் மனையாகிவிட்டது. வரப்பு இருந்த இடத்தில் வெள்ளையடித்த கல் நட்டார்கள். அக்கா வைக்கோலை லாரிக்காரரிடம் கட்டுக் கட்டாக வாங்க ஆரம்பித்தார். வயலை விற்றவர்கள் கார் வாங்கினார்கள், மனையை வாங்கினவர்கள் வீடு கட்டினார்கள், மாட்டுக்குத்தான் தீனி போயிற்று. அதற்குப் பதிலாக அந்த மாட்டுக்கு ஒரு புது வேலை வந்தது.

கிரகப்பிரவேசம். புதுவீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும் நுழைய வேண்டும் அல்லவா? பட்டணத்திலிருந்து வந்து வீடு கட்டினவர்கள் பசுவுக்கு எங்கே போவார்கள்? மார்பிள் தரையில் மிரளாமல் நிற்கிற மாடு வேண்டும். அக்காவின் செவலைக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பேர். சாணி போட்டால் வீட்டுக்காரர்கள் கைதட்டுவார்கள், லட்சுமி வந்துவிட்டாள் என்று. எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. மாட்டுக்கு மாலை போட்டால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. வாயில் என்ன போடுகிறார்கள் என்பதுதான் விஷயம்.

அந்த வைகாசியில் ஒரு பெரிய முகூர்த்த நாள். ஒரே லே-அவுட்டில் மூன்று வீடு. விடியும் முன்னே ஒன்று, வெளிச்சம் வந்தபின் ஒன்று, கடைசியாக ஒரு வங்கி அதிகாரியின் மாடி வீடு. ஒவ்வொரு வீட்டிலும் முறத்தில் ஊறவைத்த பச்சரிசி, பொடித்த வெல்லம், சீப்புச் சீப்பாகப் பழம். வீட்டுக்காரர் ஒரு கை கொடுத்தால் போதாதா? வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் புண்ணியம் வேண்டும். ஆளுக்கு ஒரு பிடி, குழந்தைகளைத் தூக்கிப் பிடித்து அவர்களுக்கும் ஒரு பிடி. வங்கி அதிகாரியின் வீட்டில் மிஞ்சின சர்க்கரைப் பொங்கலை அண்டாவோடு கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அக்கா "போதும்மா, போதும்மா" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். "அதுக்குத்தான் நாலு வயிறு இருக்கே, சாப்பிடட்டும்" என்று அதிகாரி சொல்ல, எல்லாரும் சிரித்தார்களாம்.

மறுநாள் காலை பால் வரவில்லை. அக்காதான் வந்தார், தலை வாராமல்.

"டாக்டரம்மா, மாடு எய்ந்துக்கவே மாட்டேங்குது. பேதியா போவுது. பல்லைக் கடிச்சிக்கினு கீது. வந்து பாருங்கம்மா."

போனேன். மாடு படுத்து, தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்திருந்தது. கண் குழி விழுந்திருந்தது. இடது விலாவில் கையை வைத்து அழுத்தினால் உள்ளே குடத்துத் தண்ணீர் மாதிரி தளும்புகிறது, அசைவே இல்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன், சத்தமே இல்லை. நல்ல பெருவயிறு ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள் ஒரு முறையாவது இடி உருளுகிற மாதிரி உருள வேண்டும். பேதி சாம்பல் நிறத்தில், புளித்த மாவு வாடை. என்ன தின்றது என்று கேட்டேன். அக்கா மூன்று வீட்டிலும் நடந்ததைச் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் பொங்கியது.

மளிகைக்கடை போனிலிருந்து கல்லூரிக்குச் சொன்னேன். அன்றைக்கு இறுதியாண்டுப் பிள்ளைகளுக்குக் களப் பயிற்சி. ஜீப்பில் அவர்களை ஏற்றிக்கொண்டு குழாய், மருந்து, குளுக்கோஸ் பாட்டில் எல்லாம் வந்தன. தெருவே கூடிவிட்டது. மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் வேடிக்கை பார்க்க ஆளுக்கா பஞ்சம்? வங்கி அதிகாரியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

வாய் வழியாகப் பெரிய குழாயை விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை உள்ளே ஊற்றி, தாழப் பிடித்து வெளியே வடித்தோம். மறுபடி ஊற்றி மறுபடி வடித்தோம். அரிசியும் வெல்லத் தண்ணீருமாகக் கொட்டிற்று. அமிலம் பார்க்கிற காகிதத்தை நனைத்துப் பார்த்தால் பி.எச். ஐந்துக்கும் கீழே; ஆறுக்கு மேல் இருக்க வேண்டியது, அவ்வளவு புளிப்பு. ஒருத்தி ரத்தக் குழாயில் சோடா உப்புக் கரைசல் ஏற்றினாள். வேலை செய்துகொண்டே பிள்ளைகளுக்குச் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன், எப்போதும் போல.

"இது வைக்கோல் தின்னு பழகின மாடு. உள்ள இருக்கறது நாரை உடைக்கிற கூட்டம், அது மெதுவாத்தான் வேலை செய்யும். திடீர்னு மாவும் சர்க்கரையுமா கொட்டினா என்ன ஆகும்? மாவு தின்கிற வேற பாக்டீரியா ஒரே ராத்திரில பெருகிடும். லாக்டிக் அமிலத்தைக் கக்கும். தயிர் புளிக்கிற மாதிரி வயிறே புளிச்சுப் போகும். அரிசியை அரைக்க அசை போட வேண்டியதில்லை, அதனால எச்சிலும் இல்லை, புளிப்பை அடக்க ஆளில்லை. நாரை உடைக்கிற கூட்டம் செத்துடும். உடம்புத் தண்ணியெல்லாம் வயித்துக்குள்ள இழுத்துக்கும், அதான் கண்ணு குழி விழுந்திருக்கு. அரிசியும் வெல்லமும் விஷமில்லைதான். இவ்வளவு அரிசி, இவ்வளவு வெல்லம், ஒரே நாள்ல. அதுதான் விஷம்."

கடைசி வரியை நான் வங்கி அதிகாரியைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

மறுநாள் மாடு எழுந்து நின்றது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. வைக்கோலை முகர்ந்து பார்த்து விட்டுவிட்டது. ஒரு தரம்கூட அசை போடவில்லை. பெருவயிறு செத்த பையாகத் தொங்கிற்று. புளிப்பை எடுத்துவிட்டோம், ஆனால் உள்ளே குடியிருந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். காலி வீடு. இனி நாரைத் தின்றாலும் அது அழுகிக் கிடக்கும், செரிக்காது. மாடு நின்றபடியே மெலிந்து சாகும். நல்ல மாட்டின் பெருவயிற்று நீரை, உயிரோடு இருக்கிற அந்தக் கூட்டத்தோடு, சூடு ஆறுமுன் கொண்டுவந்து ஊற்றினால்தான் வழி.

பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருந்தவர்களைக் கேட்டேன். "எம் மாட்டு வாய்ல குய்யா வுட்டு உறிஞ்சுவியா? அப்பால எம் மாடு கறக்காம போனா யாரு பதில் சொல்றது?" என்று கதவைச் சாத்தினார்கள். கல்லூரியில் விலாவில் துளை வைத்து மூடி போட்ட ஒரு காளை இருந்தது, இந்த ஆராய்ச்சிக்கென்றே. மூடியைத் திறந்தால் வாளி வாளியாக எடுக்கலாம். துறைத் தலைவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். "ட்ரயல் போய்ட்டிருக்கும்மா. ஒரு பால்காரம்மாவுக்காக என் ரீடிங்கைக் கெடுக்க முடியுமா?" அந்தக் காளை இரண்டு வாளி நீர் கொடுத்தால் அவருடைய ஆராய்ச்சி என்ன, அடியோடு நின்றுவிடுமா? கேட்டேவிட்டேன்.

மிச்சம் இருந்தது பல்லாவரம்தான். வெட்டின உடனே பெருவயிற்றிலிருந்து பிழிந்து எடுத்த நீர். மருத்துவத்தில் இது வழக்கமான வைத்தியம், புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் அது அக்காவின் மாடு. அவரிடம் சொல்லாமல் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. சொன்னேன். எங்கிருந்து, எதிலிருந்து, எதற்கு என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் மாட்டின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"வேற வழியே இல்லியாம்மா?"

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இல்லைக்கா."

"அந்த மாடு செத்துப் பூட்ச்சு. அதும் வயித்துத் தண்ணியால இது பொயைக்குதுன்னா ஊத்துங்கம்மா. அதுவும் வாயில்லா ஜீவன்தானே, ஒண்ணுக்கொண்ணு குட்த்துக்கினா இன்னா தப்பு?"

பாய் காசு வாங்கவில்லை. சூடு போகாமல் இருக்கக் கோணியில் சுற்றிய வாளியோடு ஆட்டோவில் வந்தேன். துணியில் வடிகட்டி, குழாய் வழியாக உள்ளே விட்டோம். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். கல்லூரியிலிருந்து அவர்கள் கொண்டுவந்த மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டை வைத்துக் காட்டினேன். உள்ளே ஒரு செல் உயிர்கள் சந்தைக்கூட்டம் போல நீந்தின. "இது எங்கேர்ந்து மேடம்?" என்று ஒரு பெண் கேட்டாள். பல்லாவரத்தில் வெட்டின காளை என்று சொன்னேன். மறைப்பதற்கு அதில் என்ன இருந்தது? வேலியோரம் நின்றவர்கள் காதிலும் அது விழுந்தது.

மறுநாள் சாயங்காலம் அக்காவின் சின்ன மகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். போய்ப் பார்த்தேன். மாடு படுத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, தாடையை ஆட்டி ஆட்டி அரைத்துக்கொண்டிருந்தது. விலாவில் காதை வைத்தேன். உருண்டது. நான் டாக்டர் என்பதை மறந்து அந்தச் சாணித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா காபி போட்டுக்கொண்டுவந்தார். அவ்வளவு ருசியான காபியை நான் குடித்ததே இல்லை.

வாரம் திரும்பவில்லை, எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகப் பால் வேண்டாம் என்றார்கள். ஒருத்தருக்குப் பாக்கெட் பால் வசதி. ஒருத்தருக்குக் குழந்தைக்குச் சளி. ஒரே ஒரு மாமி மட்டும் நேராகச் சொன்னார்: "கறிக்கடைத் தண்ணி ஊத்தின மாடாச்சே, எப்படிம்மா பூஜைக்கு வெக்கறது?" அதற்கு மேலே, "அந்த டாக்டரம்மா வேதக்காரங்க, அவங்களுக்கு இன்னா தெரியும்" என்றும் பேச்சு. என் கிறிஸ்தவ மதம் எந்தப் பெருவயிற்றில் போய் என்ன செய்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பாலுக்கும் அந்த நீருக்கும் சம்பந்தமே இல்லை, வயிற்றில் போனது வயிற்றிலேயே கரைந்தாயிற்று என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். காபி கொடுத்து உபசரித்துக் கேட்டுக்கொண்டார்கள். செவிடன் காதில் ஊதின சங்குதான்.

வங்கி அதிகாரி இன்னும் ஒரு படி மேலே போனார். அந்த மாடு தன் வீட்டுக்குள் வந்து போனதால் வீட்டுக்குத் தீட்டு, மறுபடி சுத்தி செய்ய வேண்டும் என்று கிளம்பிவிட்டார். நான் நேராக அவர் வீட்டுக்கே போனேன்.

"சார், மாடு உங்க வீட்டுக்கு வந்தது முன்னால. வைத்தியம் பின்னால. தீட்டு பின்னோக்கிப் பாயுமா?"

"மேடம், இதெல்லாம் ஃபெய்த். லாஜிக் பார்க்கக் கூடாது. மனசுல ஒரு உறுத்தல் வந்துடுச்சு."

"உங்க வீட்டு அண்டாப் பொங்கல் அதோட வயித்தைச் சுட்டுதே, அதுக்கு உறுத்தலையா?"

"நாங்க ஆசையா குடுத்தோம் மேடம். அதுக்கு ஒத்துக்கலைன்னா நாங்க என்ன பண்றது?"

உள்ளே உட்கார்ந்திருந்த ஐயர் தலையைத் தூக்கி, "அப்படியொரு தோஷம் எங்கேயும் சொல்லலே சார், அவசியமில்லை" என்றார். அந்த மனுஷனாவது சொன்னாரே. அதிகாரி கேட்கவில்லை. "ஒரு திருப்திக்கு" என்றார். யாருடைய பிழைப்பில் யாருக்குத் திருப்தி?

விஷயம் கல்லூரிக்கும் போயிற்று. துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சிரித்துக்கொண்டே சொன்னார்: "பார்த்தியாம்மா? இங்கிலீஷ்ல 'ரூமன் லிக்கர்'னு சொல்லியிருந்தா ஒருத்தனுக்கும் புரிஞ்சிருக்காது. அந்தம்மா பொழைப்பும் தப்பிச்சிருக்கும். தமிழ்ல நடத்தறேன் தமிழ்ல நடத்தறேன்னு..." அவர் காளையின் மூடியைத் திறந்திருந்தால் நான் பல்லாவரமே போயிருக்க மாட்டேன் என்று சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. அறைக்கு வெளியே குமாஸ்தா எட்டிப் பார்த்தார். உயரட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் வகுப்பிலும் தமிழில்தான் நடத்தினேன்.

ஆனால் அக்காவுக்கு அதனால் என்ன? ஒரு நாள், இரண்டு நாள் என்று கறந்த பாலைத் தாம்பரம் டீக்கடைகளுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். அவர்கள் கேட்ட விலைக்கு வைக்கோல்கூட வாங்க முடியாது. முகூர்த்தங்கள் வந்துகொண்டே இருந்தன, அவரை யாரும் கூப்பிடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை செவலையையும் கன்றையும் பல்லாவரம் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார். நான் தடுத்திருப்பேன் என்று என்னிடம் சொல்லாமலே போனார். தடுத்து என்ன செய்திருப்பேன்? என் சம்பளத்தில் ஒரு குடும்பத்தையும் ஒரு மாட்டையும் வைத்துக் காப்பாற்றியிருப்பேனா? வாங்கினவன் தரகன். கறவைக்கு வாங்கினானா, வேறு எதற்காவது வாங்கினானா, தெரியாது. நல்ல தெம்பாக, நன்றாக அசை போட்டுக்கொண்டிருந்த மாடு அது.

அப்புறம் ஒரு மாதம் நான் அந்தப் பின் தெருப் பக்கமே போகவில்லை. அதிகாரியின் வீட்டுச் சுத்திப் பூஜை என்று தெருவெல்லாம் சொல்லியிருந்தார்கள், என்னைத் தவிர. கல்லூரிக்குக் கிளம்பினவள், மனசு கேட்காமல் அந்த வழியாகப் போனேன். வாசலில் வாழைமரம், மைக்செட். பந்தலில் வேறெங்கிருந்தோ கொண்டுவந்த ஒரு கறுப்புப் பசு, மருண்ட கண்ணோடு நின்றது. பக்கவாட்டுச் சந்தில் பைப்படியில் அக்கா உட்கார்ந்து ஒரு பெரிய தவலையில் பச்சரிசியைக் களைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் வெல்லம் மலையாகத் தட்டி வைத்திருந்தது.

"இங்கயாக்கா?" என்றேன்.

"பாத்திரம் தேய்க்கறேன், வூடு பெருக்கறேன். இன்னா பண்றது, துன்னணுமே."

"இந்த அரிசி..."

"அதுக்குத்தான்." பசுவின் பக்கம் முகவாயைக் காட்டினார்.

"நீங்க சொல்லக்கூடாதா? ஒரு கை போதும், மிச்சத்துக்குப் புல்லு போடுங்கன்னு?"

"சொன்னேம்மா. 'ஒம் மாட்டைக் காப்பாத்தத் தெரியல, எனக்குச் சொல்ல வந்துட்டியா'ன்னு அந்த வூட்டம்மா கேட்டாங்க."

நான் உள்ளே போய்க் கத்தலாம் என்று திரும்பினேன். அக்கா ஈரக் கையால் என் புடவையைப் பிடித்தார். இழுத்தார் என்றே சொல்ல வேண்டும்.

"வாணாம்மா. நீங்க அன்னிக்கு நல்லா தமிழ்லதான சொன்னீங்க? எனக்கே புரிஞ்சுதே, அவங்களுக்குப் புரியாமயா பூடும்? அரிசி விஷமாப் போவும்னும் சொன்னீங்க, கறிக்கடைத் தண்ணின்னும் சொன்னீங்க. ரெண்டையும் ஒரே காதாலதான் கேட்டாங்க. ஒண்ண மட்டும் வெச்சிக்கினாங்க."

உள்ளேயிருந்து, "அரிசி ஆச்சா?" என்று ஒரு குரல் கேட்டது. "ஆச்சும்மா" என்று சொல்லிவிட்டு அக்கா தவலையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். கனமாக இருந்தது போல, நடை தள்ளாடிற்று. ஒரு பக்கத்தை நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, அவராகவே உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.